வரிசை எண்ணை வீட்டிலேயே கணக்குப் போட முடிகிறதா?

என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியர். சில வருடங்களுக்கு முன் மாறுதல் கலந்தாய்வுக்கு அவரோடு துணைக்குப் போயிருந்தேன். காலை எட்டரைக்குப் போய் உட்கார்ந்தோம், அவர் வரிசை எண் வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. திரையில் காலியிடப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்க நினைத்த பள்ளி அதில் இல்லை. அங்கே இருந்தவர் ஏப்ரலில் ஓய்வு பெற்றது ஊருக்கே தெரியும், இடம் காலி என்பதும் தெரியும், ஆனால் பட்டியலில் மட்டும் இல்லை. சரி என்று வேறு ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று வாரம் கழித்து, அவர் கேட்க நினைத்த அந்த இடத்தில் ஒருவர், கலந்தாய்வுக்கு வெளியே துறை நேரடியாகப் போடும் நிர்வாக மாறுதல் ஆணையோடு வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு அரங்கில் நடந்ததில் ஒரு தப்பும் இல்லை. வரிசைப்படி கூப்பிட்டார்கள், விருப்பப்பட்டதைக் கொடுத்தார்கள், உடனே ஆணையும் கையில் கிடைத்தது. அநியாயம் நடந்த இடம் அரங்குக்கு வெளியே இருந்தது. மாறுதல் கொள்கை எழுதுகிறவர்கள் அரங்குக்குள் நடப்பதைத்தான் விரிவாக எழுதுகிறார்கள், அதற்கு முன்னும் பின்னும் நடப்பதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள் என்பது என் குறை. ஒரு கொள்கை நியாயமாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: விண்ணப்பிக்கும் ஆசிரியர், கொள்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் தன் வரிசை எண்ணைக் கணக்குப் போட்டால், துறை போடும் கணக்கும் அதே எண்ணில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கொள்கை எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது.

முதலில் வருவது சீனியாரிட்டி. இந்தச் சொல்லை எல்லோரும் சொல்கிறோம், ஆனால் இதற்குள் இரண்டு மூன்று வேறு வேறு கணக்குகள் இருக்கின்றன. துறையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் சர்வீஸ் சீனியாரிட்டி, இப்போதைய பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் ஸ்டேஷன் சீனியாரிட்டி. எது என்று சொல்லாமல் 'பணிமூப்பு அடிப்படையில்' என்று எழுதினால் அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு வேறு தீர்ப்புகள் ஒளிந்திருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரில் ஒரு கணித பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் கேட்கிறார்கள். கணக்கெடுக்கும் நாள் 2025 மே 31. முதலாமவர் 2008 ஜூன் 1 அன்று துறையில் சேர்ந்தார், முதல் ஆறு வருடம் ஜவ்வாது மலையில், அடுத்த ஏழு வருடம் சமவெளியில் ஒரு பள்ளி, 2021 ஜூனிலிருந்து ஆரணிப் பக்கம் இன்னொரு பள்ளி. இரண்டாமவர் 2014 ஜூனில் சேர்ந்த நாளிலிருந்து ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரே மலைப் பள்ளி. மூன்றாமவர் 2012 ஜூனில் சேர்ந்தவர், 2017 ஜூனிலிருந்து சமவெளியில் இப்போதைய பள்ளி, அவர் கணவர் போளூரில் அரசு ஊழியர்.

சர்வீஸ் கணக்கில் முதலாமவருக்கு 17 வருடம், இரண்டாமவருக்கு 11, மூன்றாமவருக்கு 13. போளூர் முதலாமவருக்கு. ஸ்டேஷன் கணக்கில் முறையே 4, 11, 8. போளூர் இரண்டாமவருக்கு. கணவன்-மனைவி முன்னுரிமையை மேலே வைத்தால் மூன்றாமவருக்கு. ஒரே மூன்று பேர், ஒரே இடம், மூன்று வேறு விடைகள், மூன்றுக்கும் நியாயம் சொல்லலாம். எனக்குக் கேட்டால் மாறுதலுக்கு ஸ்டேஷன் கணக்குதான் சரி. ஒரே இடத்தில் நெடுநாள் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு வழி விடுவதுதானே மாறுதலின் வேலை? சர்வீஸ் கணக்கு பதவி உயர்வுக்கானது. அதை இங்கேயும் கொண்டுவந்தால், ஏற்கெனவே இரண்டு முறை நல்ல இடம் மாறிக்கொண்டவரே மூன்றாவது முறையும் முன்னால் நிற்பார்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. மலைப் பள்ளிக்கு யாரும் விரும்பிப் போவதில்லை என்பதால் மலை வருடம் ஒன்றுக்கு இரண்டு புள்ளி, சமவெளிக்கு ஒன்று என்று வைக்கலாம் என்பார்கள். நல்ல யோசனைதான். இப்போதைய பள்ளிக்கு மட்டும் கணக்கிட்டால் 4, 22, 8. மொத்தப் பணிக்காலத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் முதலாமவருக்கு மலையில் ஆறு வருடம் 12 புள்ளி, மீதி 11 வருடம் 11 புள்ளி, ஆக 23. இரண்டாமவருக்கு 22. மூன்றாமவருக்கு 13. பதினொரு வருடமாக மலையை விட்டு இறங்காதவரை, மலையை விட்டு இறங்கிப் பதினொரு வருடமானவர் ஒரு புள்ளியில் தள்ளிவிடுகிறார்! அவர் அந்த ஆறு வருடத்தைக் காட்டித்தான் 2014இல் சமவெளிக்கே வந்திருப்பார். அதனால் கொள்கையில் ஒரு வரி இருக்க வேண்டும்: ஒரு மாறுதல் வாங்கப் பயன்பட்ட புள்ளி அதோடு செலவாகிவிட்டது, அடுத்த மாறுதலுக்குத் திரும்ப வராது. இந்த ஒரு வரி இல்லாததால் புள்ளி முறையையே திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஓட்டையும் உண்டு, அது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு அனுப்பும் பணி நிரவல். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஒரு பள்ளியில் 64 பிள்ளைகள் இருந்து மூன்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ இரண்டு குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது, ஐந்து பிள்ளைகள் குறைந்து 59 ஆகிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுக்கும் பணியாளர் நிர்ணயத்தில் ஒரு ஆசிரியர் உபரி. யார் போவது? சர்வீஸில் இளையவரா, அந்தப் பள்ளிக்குக் கடைசியாக வந்தவரா? கொள்கை ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், எது என்பதைவிட அதை வருடா வருடம் மாற்றாமல் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் ஒருவர் ஒரு பள்ளியை விரும்பி எடுக்கும்போதே 'இங்கே எண்ணிக்கை குறைந்தால் நான்தான் முதலில் போக வேண்டியிருக்கும்' என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

சரி, அவர் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம், விருப்பமில்லாமல், இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. இப்போது அவருடைய ஸ்டேஷன் சீனியாரிட்டி என்ன? புதுப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் பூஜ்யம். ஒன்பது வருடம் இருந்த இடத்திலிருந்து துறையே தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த கலந்தாய்வில் 'நீங்கள் புதியவர்' என்று கடைசியில் நிற்க வைப்பது எந்த ஊர் நியாயம்? நிரவலில் போனவருக்குப் பழைய பள்ளியில் சேர்ந்த நாளே தொடரும் என்றும், பழைய பள்ளியில் மறுபடி இடம் உருவானால் குறிப்பிட்ட காலத்துக்குள் அவருக்கே முதல் உரிமை என்றும் எழுத வேண்டும். அந்தப் பள்ளியிலேயே இன்னொருவர் அடுத்த ஆறு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறார் என்றால் உபரி தானாகவே தீர்ந்துவிடும், அப்போது யாரையும் அசைக்கத் தேவையில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். இதெல்லாம் சின்னச் சின்ன வரிகள்தான்.

அலகு என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வரிசை எதற்குள் போடப்படுகிறது, ஒன்றியத்துக்குள்ளா, மாவட்டத்துக்குள்ளா, மாநிலத்துக்கா? தமிழ்நாட்டில் தொடக்கக் கல்வித் துறையில் நெடுங்காலம் ஒன்றியம்தான் சீனியாரிட்டிக்கான அலகாக இருந்தது. வேறு ஒன்றியத்துக்குப் போனால் அங்குள்ளவர்களுக்குக் கீழே போய் நிற்க வேண்டும் என்பதால் பலர் போகவே மாட்டார்கள். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. ஒன்றியத்துக்குள் அடுத்த பதவி உயர்வு தனக்குத்தான் என்று காத்திருந்தவர்களின் கணக்கு ஒரே நாளில் கலைந்தது, தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு தெருவில் இறங்கியது. மாநில அலகு நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம், இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் அலகை மாற்றும் கொள்கை, பழைய அலகை நம்பி முடிவெடுத்தவர்களுக்கு இடைக்காலத்தில் என்ன நடக்கும் என்று சொல்லியே ஆக வேண்டும். இல்லையென்றால் மாற்றத்தின் நோக்கம் என்னவாக இருந்தாலும் அது யாருடைய காதிலும் ஏறாது.

அடுத்தது முன்னுரிமை. பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கணவரை இழந்தவர்கள், ராணுவத்தில் இருப்பவர்களின் மனைவிகள் என்று நமக்குப் பழக்கமான பட்டியல் ஒன்று இருக்கிறது, இதில் பெரிதாக யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை எல்லாம் கணவன்-மனைவிப் பிரிவில்தான். இருவரும் வேலை பார்க்கும் இடங்கள் 30 கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டியிருந்தால்தான் முன்னுரிமை என்று விதியில் இருக்கும். நம் மூன்றாமவரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பள்ளிக்கும் போளூருக்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 28 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பேருந்துப் பாதையில் 39. சுற்றளவு என்பதை நேர்கோடாக எடுத்தால் அவருக்கு முன்னுரிமை கிடையாது, சாலைத் தூரமாக எடுத்தால் உண்டு. ஒரு மாவட்டத்தில் ஒன்று, பக்கத்து மாவட்டத்தில் இன்னொன்று என்று எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தூரம் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, எப்படி அளந்தது, யார் சான்று தருவது என்பது அதே பத்தியில் இருக்க வேண்டும்.

அதேபோல, முன்னுரிமைப் பிரிவு என்பது எல்லாரையும் தாண்டி மேலே போகும் தனி வரிசையா, அல்லது புள்ளிக் கணக்கில் கூடுதலாகச் சேரும் ஐந்தோ பத்தோ புள்ளியா? தனி வரிசை என்றால் நகரத்துப் பள்ளிகள் எல்லாம் அந்த வரிசையிலேயே காலியாகிவிடும், பொது வரிசையில் நிற்பவர் பத்து வருடம் காத்திருந்தாலும் அவருக்கு எஞ்சியது மட்டும்தான். உயிர் சம்பந்தப்பட்ட மருத்துவக் காரணத்துக்குத் தனி வரிசை இருக்கட்டும். கணவன்-மனைவிக்குப் புள்ளி போதும் என்பது என் கட்சி, அக்கா இதை ஒத்துக்கொள்வதில்லை, அவர் மாமாவைப் பிரிந்து நாலு வருடம் தனியாகக் குடித்தனம் நடத்தியவர். அதில் அவருக்கும் ஆதாரம் இருக்கிறது: 2022இல் எஸ்.கே. நௌசாத் ரஹ்மான் வழக்கில் உச்ச நீதிமன்றம், இடமாறுதல் கொள்கை வகுக்கும்போது குடும்ப வாழ்க்கையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

இனி காலியிடப் பட்டியல், நான் ஆரம்பத்தில் சொன்ன வயிற்றெரிச்சல். கொள்கையில் ஒரு தேதி வேண்டும்: இந்தத் தேதியில் காலியாக உள்ள ஒவ்வொரு பணியிடமும், ஓய்வு, மரணம், பதவி உயர்வு எதனால் காலியானாலும், பட்டியலில் வரும். ஏதாவது ஒரு இடத்தை நிறுத்திவைக்கிறார்கள் என்றால், நீதிமன்றத் தடையோ உபரியோ, அதுவும் பட்டியலிலேயே காரணத்தோடு வர வேண்டும். பட்டியலை மூன்று நாலு நாள் முன்பே வெளியிட்டு ஆட்சேபம் கேட்டால், எந்த இடம் விடுபட்டது என்று ஆசிரியர்களே சொல்லிவிடுவார்கள். பக்கத்துப் பள்ளியில் யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

இதில் பலர் கவனிக்காத இன்னொன்று தொடர் காலியிடம். கலந்தாய்வில் வரிசை எண் 40இல் இருப்பவர் போளூரிலிருந்து செங்கத்துக்கு மாறுகிறார், அந்த நிமிடம் போளூர் காலியாகிறது, 41ஆவது ஆள் அதை எடுத்துக்கொள்கிறார். போளூருக்காக ஏங்கிக்கொண்டிருந்த 5ஆவது ஆள் காலையிலேயே வேறு இடம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சீனியருக்குக் கிடைக்காதது ஜூனியருக்குக் கிடைத்தது. யாரும் விதியை மீறவில்லை, ஆனால் சாயங்காலம் டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. எல்லாரிடமும் விருப்பப் பள்ளிகளை வரிசையாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். கணினி முதல் ஆளிலிருந்து ஒதுக்கிக்கொண்டே வரும், நடுவில் ஒரு இடம் புதிதாகக் காலியானால் மறுபடி முதல் ஆளுக்குப் போய், இப்போதைய ஒதுக்கீட்டைவிட அது அவருக்கு மேலான விருப்பமா என்று பார்க்கும். 5ஆவது ஆள் போளூருக்கு வந்தால் அவர் விட்ட இடம் காலியாகும், அது இன்னொருவருக்குப் போகும். யாருக்கும் கிடைத்ததைவிடக் கீழே இறங்காது, அதனால் எங்கோ ஒரு சுற்றில் நின்றுவிடும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் எல்லா விவரமும் ஏற்கெனவே இருக்கும்போது இது முடியாத காரியம் இல்லை. அரங்கில் உட்கார்ந்து கண்ணெதிரே தேர்ந்தெடுக்கும் நிம்மதி போய்விடும் என்பது மட்டும்தான் இழப்பு, அது சின்ன இழப்பு என்றும் சொல்லமாட்டேன், மனிதர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புகிறார்கள். அதனால் முடிவு வந்ததும் ஒவ்வொரு பள்ளிக்கும் கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி என்ன என்று வெளியிட்டால், கிடைக்காதவர் தன் புள்ளியை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக நிர்வாக மாறுதல். கலந்தாய்வுக்கு வெளியே மாறுதல் போடும் அதிகாரம் துறைக்கு இருந்தே ஆக வேண்டும், திடீரென்று ஒரு பள்ளியில் பிரச்சினை என்றால் அடுத்த மே மாதம் வரை காத்திருக்க முடியாது. நீதிமன்றங்களும் இதைத் துறையின் கையிலேயே விட்டிருக்கின்றன. 1993இல் எஸ்.எல். அப்பாஸ் வழக்கில், ஷில்லாங்கில் வேலை பார்த்தவரை பௌரிக்கு மாற்றினார்கள், மனைவியும் ஷில்லாங்கிலேயே வேலையில் இருந்தார். யாரை எங்கே மாற்றுவது என்பது அதிகாரியின் முடிவு, வழிகாட்டு நெறிமுறையை மட்டும் காட்டி உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீய நோக்கம் இருந்தாலோ சட்ட விதியை மீறியிருந்தாலோதான் தலையிடும். 2009இல் சோமேஷ் திவாரி வழக்கில் அப்படித் தலையிட்டது, பெயரில்லாப் புகாரை வைத்து, விசாரணையில் எதுவும் தேறாத பிறகும், தண்டனையாகப் போட்ட மாறுதல் அது.

அதாவது கொள்கை வெறும் நெறிமுறையாக இருந்தால், துறையே அதை மீறினாலும் ஊழியர் கோர்ட்டில் அதிகம் சாதிக்க முடியாது. அதனால்தான் சில மாநிலங்கள் இதைச் சட்டமாகவே போட்டன. கர்நாடகம் ஆசிரியர் மாறுதலுக்கென்றே 2007இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, பள்ளிகளை ஏ, பி, சி என்று மண்டலமாகப் பிரித்தது. மகாராஷ்டிரத்தின் 2005 சட்டத்தில் ஒரு இடத்தில் சாதாரணமாக மூன்று வருடம், பொது மாறுதல் ஏப்ரல்-மே மாதத்தில், நடுவில் மாற்றினால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து மேலதிகாரியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அங்கே மட்டும் நடுவில் மாறுதலே நடப்பதில்லையா என்றால் நடக்கிறது, ஆனால் காரணம் என்று ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது, எழுதிய காரணத்தைத் தீர்ப்பாயத்தில் வைத்து வாதாட முடிகிறது.

நம் ஊரில் சட்டம் வரும் வரை கொள்கையிலேயே மூன்று வரி சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. நிர்வாக மாறுதல் ஆணையில் 'நிர்வாக நலன் கருதி' என்ற சொல்லோடு நிறுத்தக்கூடாது, எந்த நலன் என்று எழுத வேண்டும். புகாரின் பேரில் என்றால் விசாரணை முடிந்த தேதி அதில் இருக்க வேண்டும். நிர்வாக மாறுதலில் ஒருவரை அமர்த்தும் பணியிடம், அதற்கு முந்தைய கலந்தாய்வின் பட்டியலில் காட்டப்பட்டு யாரும் எடுக்காத இடமாகவோ, அதற்குப் பிறகு காலியான இடமாகவோ மட்டுமே இருக்க வேண்டும். இந்த மூன்றாவது வரி மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் அக்கா இன்று காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்க மாட்டார்.